லீஸ் பத்திரத்தில் உரிமையாளர் பக்கம் யார் கையெழுத்துப் போட வேண்டும்? அம்மா, வெளிநாட்டில் மகன், 15 வயது மகள்

மாடிப்படி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் இயன்முறை மருத்துவர். ஒரு கட்டடத்தின் முதல் மாடியை 9 வருட லீஸுக்கு எடுத்து மையம் தொடங்கப் போகிறேன். தடுப்புச் சுவர், வயரிங், கழிவறை மாற்றம் எல்லாம் என் செலவு. அதனால்தான் நீண்ட காலம் கேட்டேன், அவர்களும் சம்மதித்துவிட்டார்கள்.

கட்டடம் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் 3 வருடத்துக்கு முன் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி இருக்கிறார். மகனுக்கு 26 வயது, வெளிநாட்டில் வேலை. மகளுக்கு 15 வயது 8 மாதம். எல்லாப் பேச்சுவார்த்தையும் அந்த அம்மாவோடுதான். "பையன் பவர் அனுப்பிட்டான், பொண்ணுக்கு நான்தான் கார்டியன், நான் ஒருத்தி கையெழுத்துப் போட்டா போதும்" என்கிறார். பத்திரம் எழுதுபவரும் வரைவில் அவர் பெயரை மட்டும் போட்டிருக்கிறார். அவர்கள் மேல் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஆனால் கையில் இருக்கும் சேமிப்பு முழுவதையும் இதில் போடுகிறேன். ஒரு கையெழுத்து போதுமா?

---

கீழ்வாசல்

போதும். அப்பா இல்லாவிட்டால் அம்மாதான் இயற்கைக் கார்டியன், அதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மகனுக்குப் பவர் இருக்கிறது. ஆக மூன்று பேர் பங்குக்கும் அவரே போடலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டு பதிவு செய்துவிட்டால் அப்புறம் யாரும் கேள்வி கேட்க முடியாது.

---

ஊர்க்கிணறு

லீஸ் என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பதா? எங்கள் வீட்டு மாடியை அப்படித்தான் 3 வருடத்துக்கு விட்டிருக்கிறோம். அதற்கு வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்டாலே போதும் என்று சொன்னார்களே. 9 வருடத்துக்கு அவ்வளவு பெரிய தொகையா கொடுக்கிறீர்கள்?

---

மாடிப்படி

இல்லைங்க, மாத வாடகைதான். 10 மாத வாடகை முன்பணம். லீஸ் என்று சொன்னது நீண்ட கால வாடகை என்ற அர்த்தத்தில்.

---

பழைய பதிவேடு

கீழ்வாசல் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் இவர் பணம் மாட்டிக்கொள்ளும். நான் 30 வருடத்துக்கு மேல் சிவில் பக்கம் வேலை பார்த்தவன், இப்போது ஓய்வு. ஒவ்வொரு பங்காகப் பார்ப்போம்.

மகள் பங்கு. அம்மா இயற்கைக் கார்டியன் என்பது உண்மை. ஆனால் அந்தக் கார்டியனுக்கு எவ்வளவு காலத்துக்கு விட அதிகாரம் இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, பிரிவு 8. நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் மைனரின் அசையாச் சொத்தை 5 வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடக் கூடாது. மைனர் மேஜராகும் நாளிலிருந்து 1 வருடத்தைத் தாண்டிப் போகிற காலத்துக்கும் விடக் கூடாது. இரண்டு வேலிகள், எது முதலில் வருகிறதோ அதோடு நிற்க வேண்டும்.

இந்தப் பெண்ணுக்கு 15 வயது 8 மாதம். 18 ஆக 2 வருடம் 4 மாதம். அதோடு 1 வருடம் சேர்த்தால் 3 வருடம் 4 மாதம். அம்மா தன் சொந்த அதிகாரத்தில் விடக்கூடிய உச்ச காலம் அவ்வளவுதான். நீங்கள் பேசியிருப்பது 9 வருடம்.

மீறி எழுதினால் பத்திரம் முதல் நாளே செல்லாமல் போவதில்லை. அந்தப் பெண் விரும்பினால் தள்ளிவிடக்கூடியதாக ஆகிறது. அதாவது இரண்டரை வருடம் கழித்து, உங்கள் மையம் நன்றாக நடக்க ஆரம்பித்த நேரத்தில், "என் பங்கை இந்தப் பத்திரம் கட்டாது" என்று சொல்லும் உரிமை ஒருவர் கையில் இருக்கும். அவர் சொல்லாமலும் போகலாம். அந்த "லாம்" மேல் சுவர் கட்டுவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பதிவு செய்துவிட்டால் கேள்வி கேட்க முடியாது என்பது தவறு. பத்திரம் எழுதப்பட்டது என்பதற்குத்தான் பதிவு சாட்சி. எழுதியவருக்கு அதிகாரம் இருந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இப்போது நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியவை மூன்று. அந்தக் கட்டடம் அப்பாவின் சொந்தச் சம்பாத்தியமா, பூர்வீகமா? வாரிசுச் சான்றில் எத்தனை பெயர்? மகன் அனுப்பிய பவரில் என்ன வாசகம் இருக்கிறது? மூன்றையும் கையில் வைத்துப் படித்துவிட்டு எழுதுங்கள். அவர்கள் வாயால் சொன்னது வேண்டாம்.

---

ஊர்க்கிணறு

ஐயா, அப்படியானால் எங்கள் வீட்டு விஷயம்? மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் விட்டிருக்கிறோம். அந்த வீட்டில் என் அண்ணன் மகனுக்கும் பங்கு உண்டு, அவனுக்கு 12 வயது. அண்ணன் இல்லை, அண்ணிதான் கையெழுத்துப் போட்டார். 3 வருடம்தானே, 5க்குள் இருக்கிறது. பிரச்சினை இல்லையே?

---

பழைய பதிவேடு

கேட்டது நல்லது. பேச்சு வழக்கில் நாம் லீஸ் என்கிறோம், ஆனால் உங்களுடையது குத்தகை மாதிரி இல்லை, ஒத்தி மாதிரி இருக்கிறது. தொகை கடனாகக் கொடுக்கப்படுகிறது, வட்டிக்குப் பதில் வீட்டை அனுபவிக்கிறார்கள், காலம் முடிந்தால் தொகை திரும்பி வருகிறது. பத்திரத்தின் உள்ளடக்கம் அப்படி இருந்தால் நீதிமன்றம் அதை அடமானமாகப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

மைனர் சொத்தை அடமானம் வைக்க 5 வருடச் சலுகை எல்லாம் கிடையாது. ஒரு மாதத்துக்கு என்றாலும் முன் அனுமதி வேண்டும். விற்பனை, தானம், பரிவர்த்தனைக்கும் அதேதான். வெள்ளைத் தாள் என்பது வேறு சிக்கல். குத்தகை என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு வருடத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். உங்கள் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இங்கே முழுவதும் பேசினால் இவர் கேள்வி காணாமல் போய்விடும்.

---

நெல்மணி

எதற்கு இவ்வளவு தலைவலி? 11 மாத ஒப்பந்தமாகப் போட்டு வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பதிவும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். ஊரே அப்படித்தான் செய்கிறது.

---

பழைய பதிவேடு

11 மாதத்தில் சொத்து மாற்றுச் சட்டப்படி கட்டாயப் பதிவு வராது, அது சரி. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும், அது தனி வேலை. ஆனால் 11 மாதமானாலும் 9 வருடமானாலும் யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்ற கேள்வி போகாது. மகன் சார்பில் போட அப்போதும் பவர் வேண்டும். அதோடு இவர் சுவர் உடைத்துக் கழிவறை மாற்றுகிறார். பன்னிரண்டாவது மாதம் "புதுப்பிக்க மாட்டோம்" என்றால் இவர் கையில் என்ன மிஞ்சும்? ஒரு அறை வாடகைக்குச் சரி. இவருக்குச் சரிப்படாது.

---

மாடிப்படி

ஐயா, நேற்று மாலை அவர்கள் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்தேன்.

தாய்ப்பத்திரப்படி அப்பா தன் சம்பளத்தில் மனையாக வாங்கி, அப்புறம் வீட்டுக்கடனில் கட்டியது. கடன் முடிந்துவிட்டது, வில்லங்கத்தில் ரத்து ரசீது பதிவாகியிருக்கிறது.

வாரிசுச் சான்றைக் கேட்டேன். நாலு பெயர் இருக்கிறது. மனைவி, மகன், மகள், நாலாவதாக அப்பாவின் அம்மா. பாட்டிக்கு 79 வயது, இன்னொரு மகன் வீட்டில் இருக்கிறார். இந்த அம்மாவிடம் கேட்டால், "அத்தைக்கு இதுல என்ன, அவங்க ஒண்ணும் கேட்கமாட்டாங்க" என்கிறார்.

பவர் பத்திரத்தை ஃபோனில் படம் எடுத்து வந்தேன். "மேற்படி சொத்தைப் பராமரிக்கவும், வாடகை வசூலிக்கவும், வரி முதலானவை செலுத்தவும், வழக்குகள் நடத்தவும்" என்று இருக்கிறது. அங்கே உள்ள நோட்டரி கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது. தூதரக முத்திரை இல்லை. கூரியரில் வந்து 5 மாதம் ஆகிறதாம், இங்கே வேறு எதுவும் செய்யவில்லை.

---

பழைய பதிவேடு

நாலாவது பெயரைப் பார்த்தீர்களே, அதற்காகத்தான் சான்றைப் படிக்கச் சொன்னேன். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் தாயாரும் ஒருவர். மனைவி, மகன், மகள், தாய் நால்வருக்கும் கால் பங்கு கால் பங்கு. பாட்டி கையெழுத்து இல்லாமல் போகும் பத்திரம் முக்கால் பங்கைத்தான் தொடும். அவர் கேட்கமாட்டார், சரி. அவருக்குப் பின் அவருடைய வாரிசுகள் கேட்பார்கள், அதில் அந்த இன்னொரு மகனும் உண்டு. பாட்டி நேரில் வந்து கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைக்கட்டும். பத்திரத்தை அவருக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். அந்த மகன் "அம்மாவுக்கு நான் போடுறேன்" என்று வந்தால் ஏற்காதீர்கள். மகன் என்பதால் மட்டும் வயதான தாய்க்காகக் கையெழுத்துப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை.

சொந்தச் சம்பாத்தியம் என்பதால் இன்னொரு சந்தேகமும் தீர்ந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மைனருக்குள்ள பிரிபடாத பங்குக்கு இந்தப் பிரிவு 8 பொருந்தாது, அங்கே குடும்பத்தை நிர்வகிக்கும் கர்த்தா என்று வேறு கணக்கு. இங்கே ஒவ்வொருவர் பங்கும் தனித்தனி. எனவே 3 வருடம் 4 மாதம் என்ற வேலி அப்படியே நிற்கிறது.

அடுத்து பவர். பவர் பத்திரத்தை நீதிமன்றம் இறுக்கமாகத்தான் படிக்கும். எழுதிக்கொடுத்த அதிகாரம் உண்டு, அதை நிறைவேற்ற அவசியமானது உண்டு, அதற்கு மேல் எதுவும் கிடையாது. வாடகை வசூலிக்க என்றால் ஏற்கெனவே இருக்கும் வாடகைதாரரிடம் வசூலிப்பது. 9 வருடத்துக்கு அனுபவ உரிமையை எழுதிக் கொடுப்பது அதற்குள் வராது. விற்க அதிகாரம் கொடுத்த பவரை வைத்துக் குத்தகை எழுத வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். பெரிய அதிகாரத்துக்குள் சின்னது அடங்கும் என்பது அவர்கள் வாதம். நான் அதை நம்பிப் பணம் போட மாட்டேன்.

வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து வாங்குவதைத்தான் அட்ஜுடிகேஷன் என்கிறார்கள். இவர்களுக்கு 5 மாதம் ஆகிவிட்டது. வாசகமும் போதவில்லை, கெடுவும் போய்விட்டது. பழையதைச் சரிசெய்வதைவிடப் புதிதாக வாங்குவது சுலபம். மகன் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்திடட்டும். சொத்து விவரம், எந்த மாடி, அதிகபட்சம் எத்தனை வருடம், குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திடவும் சார்பதிவாளர் முன் தாக்கல் செய்து எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்ளவும் அதிகாரம், முன்பணம் வாங்கி ரசீது கொடுக்க அதிகாரம். இவ்வளவும் வெளிப்படையாக வர வேண்டும். பதிவு நாளன்று மகன் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்றும் கேட்பார்கள். எழுதிக்கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றே முடிகிறது, அதனால்தான்.

---

கீழ்வாசல்

பாட்டி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பவரில் ஒன்று. முகவரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தானே தாக்கல் செய்தால், அவர்தான் எழுதிக்கொடுத்தவர். அப்போது பதிவுச் சட்டம் பிரிவு 33 சொல்கிற மாதிரி அத்தாட்சி பெற்ற பவர் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2009ல் சொல்லியிருக்கிறது. தூதரகம் போகாமல் நோட்டரியோடு முடித்துக்கொள்ளலாமே. பையனுக்கு லீவு கிடைப்பது கஷ்டம் இல்லையா?

---

பழைய பதிவேடு

2009 தீர்ப்பு நீங்கள் சொன்ன மாதிரிதான். ஆனால் 2025ல் இன்னொரு அமர்வு அந்தக் கருத்தோடு உடன்படவில்லை, பெரிய அமர்வு முடிவு செய்யட்டும் என்று அனுப்பியிருக்கிறது. வெளிநாட்டு நோட்டரி முன் எழுதியதையும் பிரிவு 33 ஏற்கிறது. ஆனால் நடைமுறையில் அலுவலகங்களில் கேள்வி வருவது அதற்குத்தான். தூதரகத்துக்கு ஒரு நாள் போய்வந்தால் இரண்டு விவாதமும் வராது. 9 வருடப் பத்திரத்துக்கு ஒரு நாள் லீவு பெரிதில்லை.

---

மூன்றாம் பிறை

அம்மா இருந்தால் போதும் என்று மேலே எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் குடும்பம் இஸ்லாமியக் குடும்பம். என் வீட்டுக்காரர் காலமானபோது பிள்ளைகளுக்கு 9, 6 வயது. கடை ஒன்றை வாடகைக்கு விட நான் கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் வழக்கறிஞர் சொன்னார், எங்கள் தனிச்சட்டத்தில் பிள்ளைகளின் சொத்துக்குத் தாய் தானாகக் கார்டியன் ஆக மாட்டார் என்று. 1918லேயே பிரிவி கவுன்சில் அப்படித் தீர்ப்பு சொல்லியிருக்கிறதாம். பெற்ற தாய்க்கு இல்லையா என்று அன்று அழுகை வந்துவிட்டது. பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு என்னைக் கார்டியனாக நியமித்தார்கள். அதிலும் 5 வருடத்துக்கு மேல் விட வேண்டுமானால் திரும்ப வந்து அனுமதி கேட்கச் சொன்னார்கள். தயவுசெய்து எல்லோருக்கும் ஒரே விதி என்று எழுதாதீர்கள்.

---

பழைய பதிவேடு

அம்மா, நீங்கள் எழுதியது முழுக்கச் சரி. நான் சொன்னது இந்துக் குடும்பத்துக்கு. நியமிக்கப்பட்ட கார்டியனுக்கு 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம், அதிலும் அதே இரண்டு வேலிகள்தான். மேலே எழுதும்போதே நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

---

நெல்மணி

கோர்ட்டில் கார்டியன் போட்டால் மைனர் 21 வயதில்தான் மேஜர் என்று படித்த ஞாபகம்.

---

பழைய பதிவேடு

முன்பு அப்படி இருந்தது. 1999ல் மாற்றிவிட்டார்கள். இப்போது எல்லோருக்கும் 18.

---

கிடங்குக் காவலன்

உரிமையாளர் கம்பெனியாக இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்று நினைத்துத்தான் நான் போனேன். ஒரு தனியார் நிறுவனத்தின் கிடங்கை 5 வருடத்துக்கு எடுத்தேன். கிளை மேலாளர் கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் உருண்டையாகக் கம்பெனி சீல், பார்க்கவே கனமாக இருந்தது. பதிவும் ஆயிற்று. 14 மாதம் வாடகை வங்கி வழியாகப் போயிற்று. நிர்வாகம் கைமாறியதும் புது இயக்குநர்கள், "அந்த மேலாளருக்குக் குத்தகை எழுத இயக்குநர் குழு அதிகாரம் கொடுக்கவே இல்லை, எங்களைப் பொறுத்தவரை நீங்கள் மாத வாடகைதாரர்" என்று நோட்டீஸ் விட்டார்கள். சீல் இருக்கிறதே என்றேன். என் வழக்கறிஞரே சிரிக்காமல் தலையை ஆட்டினார்.

---

கீழ்வாசல்

கம்பெனி சீல் இருந்தால் கம்பெனியைக் கட்டுமே?

---

பழைய பதிவேடு

2015 திருத்தத்துக்குப் பிறகு கம்பெனிக்குப் பொது முத்திரை இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பத்திரம் கம்பெனியைக் கட்டுவது, முக்கிய நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரோ இயக்குநர் குழு அதிகாரம் கொடுத்த அலுவலரோ ஊழியரோ கையெழுத்திட்டால்தான். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 21. கிளை மேலாளர் என்ற பதவிப் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தீர்மானத்தின் சான்றிட்ட நகல் வேண்டும். அதில் எந்தச் சொத்து, எத்தனை காலம், யார் பெயரில் அதிகாரம் என்று இருக்க வேண்டும். தீர்மானத் தேதி பத்திரத் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். தீர்மானத்தில் கையெழுத்திட்டவர் அன்றைய தேதியில் இயக்குநராக இருந்தாரா என்று கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பார்க்கலாம்.

தாய்ப்பத்திரத்தில் கம்பெனி பெயரா, நிர்வாக இயக்குநரின் சொந்தப் பெயரா என்பதையும் பாருங்கள். குடும்பக் கம்பெனிகளில் கட்டடம் தனிமனிதர் பெயரில் இருக்கும், பத்திரம் கம்பெனி லெட்டர்ஹெட்டில் வரும். கம்பெனிக்கே இல்லாத உரிமையைத் தீர்மானம் போட்டு உண்டாக்க முடியாது.

உங்கள் விஷயத்தில் 14 மாதம் வாடகை வாங்கியது உங்களுக்கு வலுவான வாதம். தெரிந்தே பலனை வாங்கிக்கொண்டவர் பிறகு அதிகாரம் கொடுக்கவில்லை என்பது அவ்வளவு எளிதில்லை. வழக்கு என்ன ஆயிற்று?

---

கிடங்குக் காவலன்

அதையேதான் என் வழக்கறிஞரும் சொன்னார். வாங்கியது மாத வாடகைக்குத்தான் என்பது அவர்கள் பதில். சரக்கு உள்ளே கிடக்கும்போது எத்தனை வருடம் வழக்கு நடத்த முடியும்? முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு 8 மாத அவகாசத்தில் காலி செய்தேன். யார் சரி என்று தீர்ப்பே வரவில்லை.

---

மாடிப்படி

என் கேள்விக்குத் திரும்ப வருகிறேன். 9 வருடம் கிடைக்க வழியே இல்லையா? பெண்ணுக்குப் 16 ஆகப் போகிறது, நல்ல விவரமான பெண். அவளையும் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி, 18 ஆனதும் உறுதிசெய்து இன்னொரு கையெழுத்து வாங்கிக்கொண்டால்?

---

பழைய பதிவேடு

அவள் கையெழுத்து வேண்டவே வேண்டாம். மைனர் தானே செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே இல்லாதது. 1903ல் பிரிவி கவுன்சில் சொன்னது, இன்றும் மாறவில்லை. இல்லாததை 18 வயதில் உறுதிசெய்யவும் முடியாது. ஆனால் கார்டியன் வரம்பு மீறி எழுதியது தள்ளக்கூடியதுதானே, அதை மேஜரான பின் ஏற்றுக்கொள்ள முடியும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஏற்றுக்கொண்டால் நல்லது, ஆனால் ஏற்க வேண்டும் என்று அவளை இன்று யாராலும் கட்ட முடியாது.

எத்தனை நாளுக்குள் தள்ள வேண்டும் என்றால், வழக்குப் போடுவதானால் மேஜராகி 3 வருடம். வழக்கே போடாமல் தன் நடத்தையாலேயே தள்ளிவிடலாமா என்பதில், விற்பனை ஒன்றைப் பற்றி 2025ல் உச்ச நீதிமன்றம் முடியும் என்றது. உங்களுக்கு அதன் பொருள், கோர்ட் நோட்டீஸ் வந்தால்தான் ஆபத்து என்று நினைத்திருக்க முடியாது.

எனக்குத் தெரிந்து நேர் வழிகள் இரண்டு. ஒன்று, சொத்து இருக்கும் எல்லைக்குட்பட்ட மாவட்ட நீதிமன்றத்தில் அம்மா மனுப் போட்டு 9 வருடத்துக்கு முன் அனுமதி வாங்குவது. பிறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வரைவுப் பத்திரம், அக்கம்பக்கத்து வாடகை நிலவரம் எல்லாம் வைக்க வேண்டும். அவசியம் அல்லது மைனருக்குக் கண்கூடான நன்மை, இரண்டில் ஒன்று தெரிந்தால்தான் நீதிபதி அனுமதிப்பார். வாடகைதாரருக்கு வசதி என்பது அங்கே காரணமே ஆகாது. காலியாகக் கிடந்த மாடி, நியாயமான வாடகை, குறிப்பிட்ட கால இடைவெளியில் உயர்வு, பெண்ணின் பங்கு அவள் பெயரில் வங்கியில் போடப்படும் என்று காட்டினால் நம்பிக்கை உண்டு. ஆனால் மாதங்கள் ஆகும். முன் அனுமதி என்பதால் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் கேட்கவும் முடியாது.

இரண்டு, இப்போது 3 வருடத்துக்கு எழுதிப் பதிவு செய்வது. பெண் 18 ஆன பிறகு நாலு பேரும் சேர்ந்து புதுப் பத்திரம் எழுதுவது.

எந்த வழியானாலும் பத்திரத்தின் தொடக்கத்தில் எழுதிக் கொடுப்பவர்கள் நாலு பேராக வர வேண்டும். 1. இன்னார், தனக்காக. 2. வெளிநாட்டில் வசிக்கும் இன்னார், இவருக்காக இன்ன தேதியிட்ட பொது அதிகார ஆவணப்படி முகவரான 1ஆம் நபர். 3. மைனர் இன்னார், இவருக்காக இயற்கைக் காப்பாளரும் தாயாருமான 1ஆம் நபர். 4. பாட்டி, தனக்காக. கடைசியில் அம்மா மூன்று இடத்தில் கையெழுத்திட வேண்டும், ஒவ்வொன்றின் கீழும் யாருக்காக என்று. ஒரே கையெழுத்தைப் போட்டுவிட்டு "எல்லோருக்காகவும்" என்று பின்னால் சொன்னால், அவர் தன் கால் பங்கை மட்டும்தான் விட்டார் என்று வாதாட இடம் கொடுக்கிறீர்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட பதிவுப் பத்திரம் என்பதால் நீங்களும் கையெழுத்திட வேண்டும்.

---

கீழ்வாசல்

3 வருடப் பத்திரத்திலேயே, வாடகைதாரர் விரும்பினால் மேலும் 3, மேலும் 3 வருடம் புதுப்பிக்கலாம் என்று ஒரு ஷரத்து போட்டால் 9 வந்துவிடுகிறதே. குத்தகைக் காலம் 3தான், பிரிவு 8ஐ மீறவில்லை.

---

பழைய பதிவேடு

விருப்பம் வாடகைதாரர் கையில் மட்டும் இருந்தால், பேருக்கு 3, உண்மையில் 9 என்று எதிர்த் தரப்பு சொல்லும். மைனரைக் காக்க எழுதிய பிரிவைச் சுற்றிவந்த வேலை என்று நீதிபதிக்குத் தோன்றலாம். நான் எழுதுவதானால் போட மாட்டேன்.

---

கீழ்வாசல்

ஐயா, இதில் நான் ஒத்துப்போகவில்லை. புதுப்பிக்கும் ஷரத்து வெறும் வாக்குறுதி. அதைப் பயன்படுத்திப் புதுப் பத்திரம் எழுதும்வரை மூன்று வருடத்துக்கு மேல் எந்த உரிமையும் கைமாறவில்லை. பெண் பங்கைக் கட்டாவிட்டாலும், மற்ற மூவர் பங்கைக் கட்டும் அல்லவா? அதுவே இவருக்கு ஒரு பிடிமானம்.

---

பழைய பதிவேடு

மற்ற மூவரைக் கட்டும் என்பதை ஏற்கிறேன். அவர்கள் மேஜர்கள், அவர்கள் வாக்குறுதி அவர்களுடையது. அப்படியானால் ஷரத்தை 1, 2, 4ஆம் நபர்கள் தங்கள் பங்குக்கு மட்டும் கொடுப்பதாக எழுதலாம், மைனர் பெயரை அதில் இழுக்காமல். மகனுக்குப் புதுப் பவரில் அதையும் சேர்க்க வேண்டும். பெண்ணின் பங்கைப் பற்றி நீங்களும் நானும் ஒரே முடிவுக்கு வரப் போவதில்லை, விடுங்கள்.

---

மாடிப்படி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அந்த அம்மாவுக்குக் கோர்ட் என்ற பேச்சே பிடிக்கவில்லை. அவர் கணவர் இறந்த பிறகு அலைந்த அலைச்சல் போதும் என்கிறார், எனக்கும் வற்புறுத்த மனம் வரவில்லை. எனவே 3 வருடம். புதுப்பிக்கும் வாக்குறுதி மூன்று மேஜர்களின் பங்குக்கு மட்டும். மகன் தூதரகத்தில் புதுப் பவர் எழுதி அனுப்பிவிட்டார், வந்த மறுவாரமே மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்தாயிற்று.

பாட்டியைப் போய்ப் பார்த்தோம். வரைவை உரக்கப் படித்தேன். பாதியில் நிறுத்தி, "என் பங்கு வாடகை எனக்குத் தனியா வருமா?" என்று கேட்டார். மருமகள் ஒரு நிமிடம் பேசவில்லை, பிறகு "வரும் அத்தை" என்றார். அதையும் ஷரத்தாக எழுதிவிட்டோம், நாலு வங்கிக் கணக்கு எண்ணோடு.

என் செலவையும் குறைத்துவிட்டேன். கழிவறையை இடிக்கவில்லை. தடுப்புகளைக் கழற்றி எடுத்துப் போகிற மாதிரி செய்யச் சொல்லியிருக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். மகளின் பிறப்புச் சான்றில் இருக்கும் தேதி பள்ளிச் சான்றில் இருப்பதைவிட 5 மாதம் முந்தியது. பிறப்புச் சான்றுப்படி எண்ணினால் 3 வருடம் 4 மாதம் என்பது 2 வருடம் 11 மாதமாகிறது. 3 வருடப் பத்திரமே ஒரு மாதம் வெளியே போய்விடுகிறது. எதை வைத்து எண்ணுவது?

---

பழைய பதிவேடு

முந்திய தேதியை வைத்து எண்ணுங்கள், 2 வருடம் 10 மாதம் என்று எழுதுங்கள். எந்தச் சான்று சரி என்று நிரூபிக்கும் வேலை யாருக்கும் வராது.